பரப்புகள் ஏன் திண்மமாக இணைய மறுக்கின்றன: Knit Surface கருவியோடு ஒன்பது ஆண்டுகள்

பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டு வடிவமைப்பது என் தொழில். வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளைச் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் திறந்து, சிதறிக் கிடக்கும் பரப்புகளை ஒன்றாக்கித் திண்மமாக மாற்றும் வேலையை ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதற்கு நாள்தோறும் கைகொடுப்பது Knit Surface என்ற கருவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன செய்கிறது என்பதை முதல் மூன்று ஆண்டுகள் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன்.

இரும்புத் தகடுகளை வெல்டிங் வைப்பதுபோல அந்தக் கருவி பரப்புகளை இழுத்து ஒட்டிவிடும் என்று நினைத்திருந்தேன். அது பரப்புகளைத் தொடுவதே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு விளிம்புகளைப் பார்த்து, இவை இரண்டும் ஒரே விளிம்புதான் என்று பதிவு செய்துகொள்கிறது, அவ்வளவுதான். திண்மம் என்று ஒன்று உருவாக, ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு முகம் மட்டும் இருந்தால் அங்கே வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். மூன்று முகங்கள் வந்து சேர்ந்தால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கணினியால் தீர்மானிக்க முடியாது. இணைய மறுக்கும் பரப்புகளில் பெரும்பாலானவற்றின் பிணி இந்த இரண்டில் ஒன்றுதான்.

விளிம்புகள் ஏன் பொருந்தாமல் போகின்றன என்பதற்கு அடிப்படைக் காரணம் கணிதத்தில் இருக்கிறது. இரண்டு வளைபரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டைத் துல்லியமாக எழுதுவது பொதுவாக நடைமுறைக்கு ஒவ்வாதது. இரு திசையிலும் மூன்றாம் படி கொண்ட இரண்டு சாதாரணப் பரப்புத் துண்டுகள் வெட்டிக்கொண்டால், அந்தக் கோட்டின் படி 324 வரை போகலாம். எனவே எல்லா மென்பொருள்களும் அந்தக் கோட்டுக்கு அருகில் செல்லும் எளிய வளைகோடு ஒன்றைப் போட்டு, ‘இவ்வளவு பிழை பரவாயில்லை’ என்று ஓர் எல்லை வைத்துக்கொள்கின்றன. சாலிட்வொர்க்ஸின் அடியில் இயங்கும் பாராசாலிட் என்ற வடிவியல் எஞ்சின் வைத்திருக்கும் எல்லை 0.00001 மி.மீ. வேறு மென்பொருளில் 0.01 மி.மீ. எல்லையில் வரைந்த ஒருவருக்குத் தம் திரையில் முழுமையாக மூடியிருந்த பாகம், நமக்கு விரிசல்களோடு வந்து சேர்வதில் வியப்பில்லை.

ஆகவே மென்பொருள்களுக்கிடையே மாடலைக் கடத்தப் பயன்படும் ஸ்டெப் கோப்பு வந்தால், அதைத் திறந்து போராடுவதற்கு முன் நோட்பேடில் திறந்து இரண்டு சொற்களைத் தேடுவது இப்போது என் வழக்கம். கோப்பின் உள்ளே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
#27=UNCERTAINTY_MEASURE_WITH_UNIT(LENGTH_MEASURE(1.E-02),#24,'distance_accuracy_value','');
```

அனுப்பியவரின் மென்பொருள் எந்த எல்லைக்குள் இருப்பதை ‘மூடியது’ என்று கருதியது என்பதை இந்த வரி சொல்லிவிடுகிறது, இங்கே 0.01 மி.மீ. அடுத்து `MANIFOLD_SOLID_BREP` என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாமல் `OPEN_SHELL` மட்டும் இருந்தால், அனுப்பியவரிடமிருந்து பாகம் திண்மமாகப் புறப்படவே இல்லை. அப்போது அவரிடமே திண்மமாக அனுப்பக் கேட்பது, நான் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்வதைவிட மலிவு. கேட்டாலும் கிடைக்காத நேரங்களுக்குத்தான் மீதி அனுபவம் எல்லாம்.

ஒரு குறிப்பிட்ட வேலையை விளக்கமாகச் சொல்கிறேன். கைத்துளைப்பான் ஒன்றின் பிடிக்கு உரிய பாதி ஓடு. இருநூற்றுச் சொச்சம் முகங்கள். மேலே காட்டிய வரியோடுதான் வந்தது, `OPEN_SHELL` ஆகவும் வந்தது. எல்லா முகங்களையும் தேர்ந்து, Create solid என்பதை டிக் செய்து நிட் செய்தேன். கருவி முழுவதுமாகத் தோற்றது. இந்தத் தோல்வியே ஒரு தகவல். வெறும் இடைவெளிதான் குறை என்றால், அந்த டிக்கை எடுத்துவிட்டால் பரப்பாகவாவது இணைந்துவிடும். எடுத்துவிட்டும் இணையவில்லை என்றால் இடைவெளியைத் தேட வேண்டாம். எங்கோ ஒரு விளிம்பில் மூன்றாவது முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேட வேண்டும். முகங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து நிட் செய்து பார்த்தேன். தோற்ற பாதியை மீண்டும் இரண்டாக்கினேன். ஆறேழு முறையில், ஓட்டுக்கு வலுச்சேர்க்கும் ஒரு ரிப்பின் பக்கவாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த முகத்தின் மேல், அதே அளவில், அதே இடத்தில் இன்னொரு முகம் படுத்திருந்தது. மாடலைச் சுழற்றும்போது அந்த இடம் மட்டும் புள்ளி புள்ளியாக மினுங்கியதை முன்பே கவனித்திருந்தால் இந்தத் தேடலே தேவைப்பட்டிருக்காது. ஒன்றை நீக்கியதும் எல்லாம் ஒரே பரப்பாக இணைந்தன, ஆனால் திண்மமாகவில்லை.

இப்போதுதான் இடைவெளி வேட்டை. திறந்த விளிம்புகளைத் தனி நிறத்தில் காட்டும் ஒரு அமைப்பு சாலிட்வொர்க்ஸின் காட்சி விருப்பங்களில் இருக்கிறது; அதை நான் அணைப்பதே இல்லை. மூடிய பாகத்தில் அந்த நிறம் எங்கும் தெரியக் கூடாது. இங்கே இரண்டு இடங்களில் தெரிந்தது. கட்டைவிரல் பதியும் பள்ளத்தின் ஓரமாக நீளமான ஒரு கோடு. விளிம்பை வளைவாக்கும் ஃபில்லெட்டுகள் மூன்று சந்திக்கும் மூலையில் ஒரு பொடி முக்கோணம். கண்ணுக்குத் தப்பும் விரிசல்களுக்கு Check கருவி உதவும். திறந்த பரப்பு, மிகக் குட்டையான விளிம்பு, விளிம்புகளில் உள்ள மிகப் பெரிய இடைவெளி ஆகியவற்றை அது அளவோடு சொல்லும். நிட் கருவியிலேயே இருக்கும் Gap Control பகுதியில் இடைவெளிகள் பட்டியலாக வரும். விரல் பள்ளத்துக்கு எதிரே 0.031 மி.மீ. என்று இருந்தது.

இந்தப் பட்டியலுக்கு மேலேயே நிட் எல்லையை உயர்த்தும் பெட்டி இருக்கிறது. 0.04 என்று அடித்தால் அடுத்த நொடியே திண்மம் கிடைத்துவிடும். நான் முன்பொரு வேலையில் அப்படித்தான் செய்தேன், மகிழ்ச்சியாகவும் இருந்தது. பரப்புகள் நகரவில்லை, விளிம்புக்கு மட்டும் 0.04 தடிமனுள்ள ஒரு சலுகை எழுதப்பட்டது. மோல்டின் இரு பாதிகளான கோர், கேவிட்டி இரண்டையும் பிரிக்கும் கட்டம் வந்தபோது அந்தச் சலுகை விளிம்பைக் கடக்கும் வெட்டு தோற்றது. காரணம் வேறெங்கோ இருப்பதாக எண்ணி அரை நாள் தேடினேன். பிறகு இயந்திரப் பட்டறைக்கு அனுப்பிய ஸ்டெப் கோப்பு அங்கே மீண்டும் பரப்புகளாகத் திறந்தது. அன்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு 0.01 மி.மீ. அதற்குக் கீழே என்றால் எல்லையை உயர்த்துவேன். அதற்கு மேலே என்றால் பரப்பைத் திருத்துவேன்.

விரல் பள்ளத்தில் முதலில் செய்தது வழக்கமான மருத்துவம். ஒரு பரப்பின் வெட்டை Untrim கொண்டு நீக்கி, அதைச் சற்றே நீட்டி, பக்கத்துப் பரப்போடு ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி Mutual முறையில் Trim செய்வது. இரண்டு பரப்புகளும் கோணத்தில் சந்திக்கும் இடங்களில் இது மிக நன்றாக வேலை செய்யும். புதிதாக ஒரே வெட்டுக்கோடு பிறக்கும், இரண்டும் அதையே பகிர்ந்துகொள்ளும். ஆனால் இங்கே பள்ளம் பக்கத்துப் பரப்போடு வழுவழுப்பாக, தொடுகோடாகச் சேர்கிறது. இரண்டு தாள்களைக் கிட்டத்தட்ட இணையாக வைத்து எங்கே தொடுகின்றன என்று கேட்டால் என்ன விடை வருமோ, அதே விடைதான் வந்தது: கோடு இங்கும் அங்கும் அலைந்து, இரண்டு இடங்களில் அறுந்தும் போனது. தொடுகோடாகச் சேரும் பரப்புகளை வெட்டிச் சேர்க்கவே கூடாது என்பது எனக்கு இந்த வேலையில் கிடைத்த பாடம்.

எனவே எதிர்த்திசையில் போனேன். விரிசலுக்கு இருபுறமும் சுமார் 3 மி.மீ. அளவுக்கு நல்ல பரப்பையே வெட்டி எடுத்துவிட்டேன். முப்பது மைக்ரான் விரிசல் ஆறு மில்லிமீட்டர் பட்டையான ஓட்டையாக மாறியது. அந்த ஓட்டையின் நான்கு பக்கங்களையும், இருக்கும் பரப்புகளின் விளிம்புகளையே தேர்ந்து, Boundary Surface கொண்டு நிரப்பினேன். நீளப் பக்கங்கள் இரண்டிலும் தொடுகோட்டு நிபந்தனை கொடுத்தேன். புதிய பரப்பு அந்த விளிம்புகளிலிருந்தே பிறப்பதால், அங்கே இடைவெளி நிட் எல்லைக்கு மிகக் கீழே நின்றது. குறுகிய இரு முனைகளிலும் பக்கத்து முகத்தின் விளிம்பைத் தேர்ந்தெடுக்க மறந்து, கைக்கு வந்த ஸ்கெட்ச் கோட்டைக் கொடுத்தால், விரிசல் நடுவிலிருந்து முனைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்.

மூலை முக்கோணத்துக்கும் அதே மனப்போக்குதான். பக்கம் 0.4 மி.மீ. கூட இல்லாத அந்த ஓட்டையை Filled Surface கொண்டு அடைத்தால் அடையும்; ஆனால் சுருங்கி முறுக்கிய ஒரு முகம் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றியிருந்த ஊசிமுனைத் துண்டுகளையும் நீக்கி, ஃபில்லெட்டுகளின் நுனிகளைப் பின்னுக்கு வெட்டி, ஓட்டையை ஐந்து மில்லிமீட்டர் அகலமாக்கிய பிறகு தொடுகோட்டு நிபந்தனையோடு நிரப்பினேன். பரப்பின் வழுவழுப்பைச் சோதிக்க வரிக்குதிரைக் கோடுகள் காட்டும் பார்வையில் அவை மூலையைக் கடந்து முறியாமல் ஓடின.

பிறகு Gap Control-ஐ அணைத்துவிட்டு நிட் செய்தேன். Create solid ஏற்றுக்கொண்டது. ஆனாலும் திண்மம் என்று பெயர் வந்துவிட்டதால் நான் நம்புவதில்லை. Section View போட்டு வெட்டுமுகம் நிரம்பித் தெரிகிறதா என்று பார்ப்பேன்; Check மீண்டும் ஓட்டுவேன்; ஒரு நகலில் 1 மி.மீ. Shell கொடுத்துப் பார்ப்பேன். ஷெல் என்பது எல்லா முகங்களையும் நகர்த்தி மீண்டும் சந்திக்கவைக்கும் வேலை என்பதால், சலுகையில் நிற்கும் விளிம்பு அங்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாகத்தில் 1 மி.மீ.க்குக் குறைவான வளைவு ஆரம் இருந்தால் ஷெல் அதனாலும் தோற்கலாம், அதை விரிசலாகக் கணக்கு வைக்கக் கூடாது. கடைசியாக ஸ்டெப்பாக ஏற்றுமதி செய்து நானே திறந்து பார்ப்பேன்.

அந்தப் பிடி ஒரே திண்மமாகத் திறந்தது. நோட்பேடில் பார்த்தபோது `MANIFOLD_SOLID_BREP` ஒரே ஒருமுறை இருந்தது, `OPEN_SHELL` எங்கும் இல்லை. மொத்தம் ஆறு மணி நேரம் பிடித்தது. அதில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் வெட்டிச் சேர்க்கக் கூடாததை வெட்டிச் சேர்க்கப் பார்த்ததில் போனது.