மினிட்ஸை அட்டவணையாக்கி இரண்டு வருடம்: வலப்பக்கத்தை மட்டும்தான் படிக்கிறார்கள்

பத்தி பத்தியாக எழுதும் கூட்ட மினிட்ஸை அட்டவணையாக மாற்றினால் மேனேஜர்கள் படிப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். படிப்பார்கள், ஆனால் வலப்பக்க 'முடிவு' கட்டத்தை மட்டும். இடப்பக்க 'விவாதம்' கட்டத்தில் எதை வைத்தாலும் அது காணாமல் போனதற்குச் சமம். இந்த வடிவத்தில் தீராத எரிச்சல் அதுதான்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்: "யுபிஎஸ்ஸின் 16 பேட்டரிகளில் 5 செயலிழந்துள்ளன. அவற்றை மட்டும் மாற்றலாமா எனக் கேட்கப்பட்டது. பழையவற்றோடு புதியதை இணைத்தால் புதியதும் சீக்கிரம் கெடும் என்பதால், இரண்டாவது கொட்டேஷன் வாங்கி, 1.5 லட்சத்துக்குள் இருந்தால் 16-ஐயும் மாற்றத் தீர்மானிக்கப்பட்டது. கொள்முதல் பிரிவு இதை 20-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும்."

அவசரத்தில் வலப்பக்கம் "16 பேட்டரிகளும் மாற்றப்படும்" என்று ஆகிவிடும். 'இருந்தால்' என்ற சொல் இடப்பக்கத்தில் தங்கிவிட, கொள்முதல் பிரிவு முதல் கொட்டேஷனுக்கே ஆர்டர் போட்டுவிடும். நிபந்தனை, பொறுப்பு, தேதி மூன்றுமே வலப்பக்கம்தான் வர வேண்டும்: "இரண்டாவது கொட்டேஷன் பெற்று, 1.5 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் 16-ஐயும் மாற்றுவது. கொள்முதல் பிரிவு, 20-ஆம் தேதிக்குள்." பழுதும் காரணமும் மட்டும் இடப்பக்கம். அனுப்பும் முன் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துப் படியுங்கள். வேலையைச் செய்யப்போகிறவருக்கு எதுவும் கேட்கத் தோன்றாவிட்டால் சரி.

இன்னொரு தொல்லை வெற்றுக் கட்டம். விவாதம் முடிவில்லாமல் நின்றிருக்கும். கட்டம் காலியாக இருப்பது கண்ணை உறுத்துவதால் "பரிசீலிக்கப்படும்" என்று நிரப்பிவிடுகிறோம். அப்படி ஒரு முடிவை யாருமே எடுக்கவில்லை! "முடிவு இல்லை" என்றே எழுதுங்கள்.

வேர்டில் மாற்றுவது சுலபம். ஒவ்வொரு விவாதத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு Tab, வரிசை முடிந்தால் Enter. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Insert > Table > Convert Text to Table போய், Tabs என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பத்தித் தொடக்கத்தில் யாராவது Tab தட்டி இடம் விட்டிருந்தால் மூன்றாவது கட்டம் முளைத்து, முடிவு அதில் போய் உட்கார்ந்துவிடும். மாற்றும் முன் Ctrl+Shift+8 அழுத்தினால் Tab எல்லாம் அம்புக்குறியாகத் தெரியும், மிகையானதை அழித்துவிடுங்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டு பத்தி வேண்டுமென்றால் Enter-க்குப் பதில் Shift+Enter.

வாராந்திர, மாதாந்திரக் கூட்டங்களுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. ஆனாலும் கருத்து வேறுபாடு இருந்த கூட்டம் என்றால் பத்தியாகவே எழுதிவிடுவேன். யார் எதிர்த்தார், எதற்காக எதிர்த்தார் என்பது இடப்பக்கத்தில்தான் வரும். அதை யார் படிக்கிறார்கள்?