மரவளையமும் இரண்டு பட்டையும்: வீட்டுத் திண்ணையில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை உத்திரத்தில் உடற்பயிற்சிக்காக, பட்டையில் தொங்கும் ஒரு ஜோடி மரவளையத்தை மாட்டி இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. அதற்கு முன்பு ஒரே கொக்கியில் இரண்டு கைப்பிடி தொங்கும் பட்டையை வைத்திருந்தேன். இரண்டையும் நன்றாகப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு வளையம் என்றுதான் சொல்வேன். ஒரே கொக்கியிலிருந்து வரும் பட்டைகள் மேலே சேர்ந்து கீழே விரிகின்றன. அதனால் புஷ்-அப் எடுக்கும்போது பட்டை மேல்கையில் உரசும். வளையங்களைத் தோள் அகலத்துக்குத் தள்ளித் தனித்தனியாக மாட்டலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. பின்னால் சாய்ந்து நின்று உடலை வளையத்தை நோக்கி இழுப்பதுதான் ரோ. அதில் உள்ளங்கை கீழே பார்த்துத் தொடங்கி, மேலே வரும்போது தானாகவே உட்பக்கம் திரும்பும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அது இதமாக இருக்கிறது. காலை மாட்டிச் செய்யும் பயிற்சிகளில் மட்டும், பாதம் வைக்கத் தனி வளைவு உள்ள பட்டைதான் வசதி.

எங்கே மாட்டுவது என்பதில் தயவு செய்து அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் ஓடுகளைத் தாங்குவது பனங்கை. அதில் மாட்டக் கூடாது, சுவரிலிருந்து சுவருக்குப் போகும் உத்திரத்தில்தான் மாட்ட வேண்டும். அதையும் முதலில் கத்தி முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினாலோ தட்டினால் பொக்கென்று கேட்டாலோ உள்ளே கரையான் அரித்திருக்கலாம், விட்டுவிடுங்கள். ஃபேன் கொக்கியும் வேண்டாம். ஆடிக்கொண்டே இழுக்கும்போது உடல் எடையைவிட அதிகமான சுமை விழும்.

இந்தச் சாதனத்தில் எடைத்தட்டு கிடையாது, உடல் சாயும் கோணம்தான் எடை. பலர் அதைக் கண்ணால் பார்த்து 'இன்னிக்குக் கொஞ்சம் கூடச் சாய்ஞ்சேன்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் முன்னேறினோமா இல்லையா என்றே தெரியாது. நான் வளையம் தொங்கும் இடத்திலிருந்து நூலில் கல் கட்டி இறக்கி, தரையில் அது தொடும் இடத்தில் கோடு போட்டேன். அங்கிருந்து அரை அடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. பட்டையில் எண் அச்சிட்டிருப்பதை வாங்கினால், குதிகால் எந்தக் கோட்டில், பட்டை எந்த எண்ணில் என்ற இரண்டையும் நோட்டில் குறித்தாலே கோணம் பதிவாகிவிடும்.

கோணத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ரோவில் நேராக நிற்கும் நிலையிலிருந்து 30 டிகிரி பின்னால் சாய்ந்தால், உடல் எடையில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு கைக்கு வரும். 45 டிகிரியில் சுமார் பாதி. முழுக்கப் படுக்கையாக வந்தால்கூட முழு எடையும் கைக்கு வராது, மீதியைப் பாதம் தாங்கிக்கொள்கிறது. ஆக, ஆரம்பத்தில் கொஞ்சம் சாய்ந்தாலே சுமை எகிறும். கடைசிப் பகுதியில் நிறையச் சாய்ந்தாலும் அவ்வளவாக ஏறாது.

என் அக்காவிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவள், சொந்த எடையை எங்கேயும் இழுத்துப் பழக்கமில்லை. முதல் கோட்டில் குதிகால் வைத்து, கிட்டத்தட்ட நின்றபடியே தொடங்கினாள். விதி ஒன்றே ஒன்று: மூன்று செட்டிலும் பன்னிரண்டு சுத்தமாக வந்தால் அரை அடி முன்னே. சுத்தம் என்றால் வளையம் கீழ் விலா எலும்பைத் தொட வேண்டும், ஒரு விநாடி அங்கே நிற்க வேண்டும், காதிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். முதல் தடவை அரை அடி நகர்ந்ததுமே பன்னிரண்டு ஏழாகிவிட்டது. அக்கா பயந்துவிட்டாள். அங்கே கால் அடியாக நகர்த்தினோம், சரியாகிவிட்டது. பல வாரம் கழித்து, நன்றாகச் சாய்ந்த நிலையில் அதே அரை அடி நகர்ந்தபோது பன்னிரண்டில் ஒன்றுதான் குறைந்தது.

அதற்குள் வேறொரு பிரச்சினை வந்தது. "கண்ணு, கையில ஒண்ணும் தெரியல, காலுதான் நிக்க மாட்டேங்குது" என்றாள். எங்கள் திண்ணையில் சிவப்பு சிமென்ட் தரை, வழவழவென்று இருக்கும். சாயச் சாயப் பாதம் முன்னால் வழுக்கும். கயிற்றுப் பாயைப் போட்டால் பாயும் சேர்ந்து நகரும். தீர்வு எளிது: பாதத்தைத் திண்ணைத் தூணின் அடிக்கல்லில் முட்டுக்கொடுத்து, இனிமேல் காலை நகர்த்தாமல் பட்டையை ஓர் எண் நீட்டுவது. வளையம் இறங்கினால் உடலும் இறங்கும். கோணம் மாறுவது ஒன்றுதான், கணக்கு மட்டும் கோட்டிலிருந்து பட்டைக்கு மாறிவிடுகிறது.

களைத்துப்போனால் உடம்பே கோணத்தைத் திருடும். இடுப்பு மடங்கி உட்காரப் பார்க்கும், தலை முதலில் வளையத்தை நோக்கிப் போகும், பாதம் மெல்லப் பின்னால் வந்திருக்கும். கோட்டைப் பார்த்தால் பாதம் தெரிந்துவிடும். இடுப்புக்கு யாராவது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், இல்லை போனில் படம் எடுக்க வேண்டும்.

புஷ்-அப்பிலும் அதே கணக்குதான். அசையாத பெட்டியில் கை வைத்து அளந்தவர்கள் சொல்வது: தரையில் உடல் எடையில் சுமார் 64 சதவீதம் கைக்கு வருகிறது, ஓர் அடி உயரத்தில் 55, இரண்டடியில் 41. வளையத்தில் சுமை அதேதான் என்றாலும் ஆட்டத்தை அடக்குவது தனி வேலை. தரையில் இருபது எடுப்பவர்கூட வளையத்தை இடுப்பு உயரத்தில் வைத்துத் தொடங்குவதே நல்லது. கை உதறினால் வளையம் வெளியே விரிந்து தோளின் முன்பக்கம் இழுக்கும், அன்றைக்கு அந்த உயரம் போதும் என்று அர்த்தம். பட்டையின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் பக்கிள் முன்கையில் படாதபடி மேலே, உத்திரத்துப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்குத்தான் இது அரைகுறை. வளையத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எழலாம், மூட்டு பலவீனமானவர்களுக்கு அருமையான தொடக்கம். ஆனால் கை எவ்வளவு தூக்கிவிடுகிறது என்று எந்தக் கோட்டிலும் தெரியாது. நான் பிடியை வைத்து அளக்கிறேன்: முதலில் முழுப் பிடி, அப்புறம் இரண்டிரண்டு விரல், அப்புறம் ஒற்றைக் காலில் முழுப் பிடி, கடைசியில் ஒற்றைக் காலில் இரண்டு விரல். அதற்கு மேல் வேண்டுமென்றால் பையில் பத்து கிலோ அரிசியைக் கட்டி முதுகில் மாட்ட வேண்டியதுதான். வளையத்தால் மட்டும் கால் தொடர்ந்து பலப்படும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேய்மானம்: மரவளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலத்தில் பட்டையில் பூஞ்சை பிடிக்கும், சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். எங்களுக்குப் பெரிய எதிரி பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான், அது கொண்டுவரும் தூசி பக்கிளின் பல்லில் அடைந்துவிடுகிறது. பல் சரியாகக் கடிக்காவிட்டால் பட்டை மெல்ல நழுவும், கோணமும் தெரியாமல் மாறும். பக்கிள் ஓரத்தில் பட்டையின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, செட் முடிந்ததும் பார்ப்பேன். கோடு நகர்ந்திருந்தால் பழைய டூத்பிரஷால் பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்வேன். எண்ணெய் மட்டும் விடவே கூடாது, பட்டையில் பட்டால் பிடியே போய்விடும். சுத்தம் செய்தும் நழுவினாலோ, ஓரத் தையல் பிரிந்திருந்தாலோ பட்டையை மாற்றிவிடுங்கள், வளையத்தை வைத்துக்கொள்ளலாம்.