பலூனா, ஸ்வீப்பா: ஒரு கட்டடத்தின் எதிர்முழக்கத்தைப் பிடிக்கும் இரண்டு வழிகள்

ஒரு மண்டபத்தில் கணநேர ஒலி ஒன்றை எழுப்பி, சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவதை அடங்கும்வரை பதிவு செய்தால் கிடைப்பது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். எதிரொலி கலக்காத பாட்டுப் பதிவின் ஒவ்வொரு சாம்பிளுக்கும், அதாவது நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த ஒலி மதிப்பு ஒவ்வொன்றுக்கும், இந்த ரெஸ்பான்ஸின் ஒரு நகலை, அந்தச் சாம்பிளின் அளவுக்கேற்பப் பெருக்கி, வரிசையாகக் கூட்டுவதுதான் கன்வல்யூஷன் ரிவர்ப்; பாட்டு அந்த மண்டபத்திலேயே பாடியதுபோல் ஒலிக்கும். கணக்கில் மாற்றமில்லை, தரத்தைத் தீர்மானிப்பது மண்டபத்தில் ஒலியை எழுப்பும் விதம்.

எளிய வழி பலூன். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 2010-இல் பலூன்களை உடைத்துத்தான் பதிவு செய்தது. அங்கே எதிர்முழக்கம் அடங்க ஏறத்தாழ 11 வினாடி ஆகும். கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள், மின்சாரம் வேண்டாம், நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் பலூன் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தாழ்ந்த சுருதிகளில் அதன் பலம் குறைவு. ஒன்றைப்போல் இன்னொன்று வெடிப்பதும் இல்லை. பதிவை அப்படியே பயன்படுத்தினால் மண்டபத்தின் குரலோடு பலூனின் குரலும் பாட்டில் ஏறிவிடும். அதனால்தான் அக்குழு பதிவைத் தனியே பதப்படுத்தி ரெஸ்பான்ஸைக் கணக்கிட்டது. கப்பெல்லா ரொமானா குழுவினர் பாடிய பைசாந்திய இசைக்கு அந்த எதிர்முழக்கம் ஊட்டப்பட்டு, 2019-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

இன்னொரு வழி, இத்தாலியரான ஆஞ்சலோ ஃபரீனா 2000-இல் முன்வைத்த ஸ்வீப். ஒலிபெருக்கியில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை சுருதி சீராக ஏறும் ஒலியைப் பல வினாடி ஒலிக்கவிட்டுப் பதிவு செய்கிறார்கள். பிறகு அந்த ஸ்வீப்பைப் பின்னோக்கித் திருப்பி, அளவு திருத்தி, பதிவுடன் கன்வல்யூஷன் செய்தால் நீண்ட ஒலி ஒரு கணமாகச் சுருங்குகிறது. ஆற்றல் நேரத்தில் பரவியிருப்பதால் இரைச்சல் கீழே போகிறது. ஸ்வீப்பின் நீளத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 3 டெசிபல் லாபம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு: மூல சுருதியின் மடங்குகளில் ஒலிபெருக்கி தானாகச் சேர்க்கும் ஹார்மோனிக் சிதைவு, உண்மையான ரெஸ்பான்ஸுக்கு முன்னால் தனித்தனித் துடிப்புகளாக ஒதுங்கிவிடுகிறது. அவற்றை வெட்டி எறியலாம்.

ஸ்வீப்பிலும் கவனம் வேண்டும். நடுவில் யாராவது கதவைச் சாத்தினால், அந்தச் சத்தம் முடிவில் மேலிருந்து கீழே சறுக்கும் சீழ்க்கையாக மாறி நிற்கும். கேட்டவுடன் தெரியும், மறுபடி பதிய வேண்டியதுதான். ஒலிக்கும் கருவியும் பதியும் கருவியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடினால் உச்ச சுருதிகள் மங்கும்.

ஒலிபெருக்கியும் அமைதியும் கிடைக்கும் இடத்தில் தயக்கமின்றி ஸ்வீப்பைத்தான் சொல்வேன். அனுமதியோ நேரமோ குறுகினால் பலூன் போதும், ஆனால் பதப்படுத்தாமல் விடக்கூடாது. எந்த வழியானாலும் ரெஸ்பான்ஸ் அடங்கிவரும் வால்பகுதியில் இரைச்சல் தேங்கும். பாட்டு நின்ற பின்னும் சீறல் ஒரே அளவில் நீடித்துச் சட்டென அறுந்தால், அந்த வாலை மெல்ல மங்கவைத்து வெட்ட வேண்டும்.