சார் ரிப்ளை பண்ணலையா? ரெண்டு மெயில், நாலு ஃபாலோ-அப், எது வேலைக்கு ஆகும்

போன நவம்பர்ல என் சித்தி பொண்ணு ஃபோன் பண்ணா. "அண்ணா, ப்ராஜெக்ட் கைடுக்கு மெயில் போட்டு ஒம்பது நாள் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல, என் மேல ஏதாச்சும் கோவமா இருப்பாரோ"ன்னு கேட்டா. அமெரிக்கால எம்எஸ் அப்ளை பண்றா, மூணு ரெகமண்டேஷன் லெட்டர், அதாவது எல்ஓஆர், வேணும், ரெண்டு பேர் ஓகே சொல்லியாச்சு, மூணாவது ஆள்தான் இவர். டெட்லைன் டிசம்பர் 15. காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, நடுவுல ஒரு தீபாவளி வாழ்த்து கூட அனுப்பல, அது வேற கதை.

அனுப்புன மெயிலை அப்படியே எனக்கு ஃபார்வர்டு பண்ணுன்னு சொன்னேன். நானும் டீம் லீடா உக்காந்து தினமும் மெயில் வாங்குறவன்தான், திறந்து பார்த்ததுமே புரிஞ்சுது சார் கோவத்துல எல்லாம் இல்ல, அந்த மெயிலுக்கு என்ன பதில் போடணும்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இவ அனுப்புனதையும் அப்புறம் நாங்க மாத்துனதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். மெயில் என்னவோ இங்கிலீஷ்லதான் போச்சு, ஆனா கோளாறு இங்கிலீஷ்ல இல்ல, அதனால இங்க எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லிடுறேன்.

சப்ஜெக்ட் லைன்

இவ போட்டது:

> எல்ஓஆர் தொடர்பாக

இவ ஃப்ரெண்டு கொடுத்த ஐடியா:

> அர்ஜென்ட்!! ப்ளீஸ் சார்

கடைசியா நாங்க வச்சது:

> ரெகமண்டேஷன் லெட்டர், டிச 15க்குள்: 2023 ஈசிஇ ப்ராஜெக்ட் ஸ்டூடண்ட்

முதல்ல இருக்கறதுல பொய் எதுவும் இல்ல, ஆனா நவம்பர்ல ஒரு ப்ரொஃபசர் இன்பாக்ஸ்ல "எல்ஓஆர் தொடர்பாக"ன்னு எத்தனை பேர் அனுப்பியிருப்பாங்கன்னு யோசிங்க, யாரோடது, எப்ப வேணும்னு திறந்தாதான் தெரியும், திறக்கறதுக்கு நேரம் இல்லாதவருக்கு அது "அப்புறம் பாக்கலாம்" லிஸ்ட்ல போயிடும். ரெண்டாவது இன்னும் மோசம். அவசரம் உங்களுக்கு, அவருக்கு இல்ல, அதுவும் ஆறு வாரம் முன்னாடியே அர்ஜென்ட்னு போட்டா டிசம்பர் 12ஆம் தேதி நிஜமாவே அவசரம் வரும்போது என்ன போடுவீங்க?

மூணாவதுல வார்த்தை வரிசைய பாருங்க. ஃபோன்ல இன்பாக்ஸ் பாக்கும்போது சப்ஜெக்ட்டோட முதல் முப்பது நாப்பது எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுடும். அதனால என்ன வேணும், எப்ப வேணும்ங்கறது முன்னாடி, யாருங்கறது பின்னாடி. உன் பேரை முதல்ல போடலாமான்னு கேட்டா, சாருக்கு உன்ன நல்லா ஞாபகம் இருந்தா போடு, ரெண்டு வருஷம் டச்சே இல்லன்னா பேருக்கு பதிலா பேட்ச்சும் டிபார்ட்மென்ட்டும்தான் அவருக்கு உன்ன அடையாளம் காட்டும். இன்னொரு லாபமும் இருக்கு, பத்து நாள் கழிச்சு அவரே "அந்தப் பொண்ணு ஏதோ கேட்டுச்சே"ன்னு தேடும்போது இந்த வார்த்தையெல்லாம் சர்ச்ல சிக்கும்.

உள்ள இருக்கற விஷயம்

இவ மெயில் நாலு பாரா. முதல் பாரா நலம் விசாரிப்பு, ரெண்டாவதுல காலேஜ் நாட்கள், மூணாவது முழுக்க சாரோட பெருமை, நாலாவதுல ரெண்டாவது வரியிலதான் லெட்டர் பேச்சே வருது, அதுவும் "தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது"ன்னு. தேதி இல்ல, எத்தனை யூனிவர்சிட்டின்னு இல்ல, ஆனா அட்டாச்மென்ட் மட்டும் எட்டு, எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் தனித்தனியா! மரியாதையா எழுதணும்னு நினைச்சு எழுதுனதுதான், ஆனா வேலையைத் தேடிக் கண்டுபிடிக்கிற பொறுப்பை அவர் தலையில வச்சுட்டா.

நாங்க மாத்துனது ஏறக்குறைய இப்படி:

> வணக்கம் சார். 2023 ஈசிஇ பேட்ச்ல உங்ககிட்ட மண் ஈரப்பத சென்சார் ப்ராஜெக்ட் பண்ணின (பேர்), ரோல் நம்பர் (இது). அமெரிக்காவில் நாலு யூனிவர்சிட்டிக்கு எம்எஸ் அப்ளை பண்றேன். எனக்காக ரெகமண்டேஷன் லெட்டர் தர உங்களுக்கு முடியுமா சார்?
>
> கடைசி தேதி டிசம்பர் 15. டிசம்பர் 8க்குள் கிடைத்தால் எனக்கு நிம்மதி. ஒரே லெட்டரை நாலு யூனிவர்சிட்டி அனுப்பும் லிங்க்கிலும் அப்லோட் பண்ணலாம். நீங்க சம்மதம் சொன்ன பிறகுதான் லிங்க் வரவைப்பேன், எந்த மெயில் ஐடிக்கு வரணும்னு சொல்லுங்க.
>
> ரெஸ்யூமேவும் ப்ராஜெக்ட்டில் நான் செய்தது பற்றி ஒரு பக்கக் குறிப்பும் இணைச்சிருக்கேன். இப்போ வேலை அதிகம்னா சொல்லுங்க சார், புரிஞ்சுக்குவேன்.

இதுக்கு ஃபோன்ல நின்னுக்கிட்டே "ஓகே மா, காலேஜ் ஐடிக்கு அனுப்பு"ன்னு பதில் போட்டுடலாம். பழைய மெயிலுக்கு பதில் போடணும்னா "எப்போ வேணும், எங்க அனுப்பணும், எத்தனை"ன்னு அவர் திரும்ப மூணு கேள்வி கேக்கணும். யாரும் கேக்க மாட்டாங்க, அப்படியே விட்டுடுவாங்க.

தேதி விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டையே வந்துச்சு. டிசம்பர் 1ன்னு பொய் சொல்லிடலாமேன்னா. வேணாம்னேன், ஏன்னா யூனிவர்சிட்டில இருந்து போற லிங்க் மெயில்லயே பல சமயம் நிஜ டெட்லைன் போட்டிருக்கும், ரெண்டும் ஒத்துப்போகலன்னா அசிங்கம். ரெண்டு தேதியையும் நேரா சொல்றதுதான் நல்லது. யூனிவர்சிட்டி அப்ளிகேஷன் போர்ட்டல்ல ராத்திரி 11:59, ஈஸ்டர்ன் டைம்னு போட்டிருந்தா டிசம்பர்ல அது நமக்கு மறுநாள் காலைல 10:29. அந்தக் கணக்க உங்க மனசுக்குள்ள மட்டும் வச்சுக்கோங்க, சார்கிட்ட சொல்லிடாதீங்க, அந்தக் காலை வரைக்கும் இழுத்துடுவாரு.

அப்புறம்தான் மெதுவா ஒரு குண்டு போட்டா. பதில் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு போர்ட்டல்ல சார் பேரையும் ஐடியையும் கொடுத்துட்டாளாம். பெரும்பாலான போர்ட்டல்ல ரெகமண்டர் விவரத்த சேவ் பண்ணி அனுப்புன உடனே மெஷின் ஒரு மெயில் தட்டிவிட்டுடும். அதாவது நான் ஒத்துக்கவே இல்லையே, அதுக்குள்ள எவனோ லெட்டர் கேக்கறானேன்னு அவருக்குத் தோணியிருக்கலாம், இல்ல அது ஸ்பேம்ல கிடந்திருக்கலாம். அதனால ஃபாலோ-அப்ல இதுக்கும் ஒரு வரி மன்னிப்பு தேவைப்பட்டுச்சு.

ஒம்பது நாள் மௌனம், இப்ப என்ன பண்றது

நாலு வழி இருந்துச்சு: அதே த்ரெட்ல ரிப்ளை, புது மெயில், எச்ஓடிய சிசில போடறது, வாட்ஸ்அப்.

சிசி-ய முதல்லயே தூக்கிப் போட்டோம். மேலதிகாரிய சிசில சேக்கறது ஞாபகப்படுத்தறது இல்ல, போட்டுக்கொடுக்கறது. ஆபீஸ்ல டெலிவரி நிக்குதுன்னா அதுக்கு ஒரு இடம் இருக்கலாம், அங்கயும் முன்னாடியே சொல்லிட்டு செய்யணும். லெட்டர்ங்கறது அவர் செய்யற உதவி, கட்டாயத்துல வாங்குன லெட்டர்ல என்ன எழுதுவார்னு நீங்களே யோசிங்க, அதுவும் அத படிக்கற உரிமைய இவ அப்ளிகேஷன் ஃபார்ம்ல விட்டுக்கொடுத்தாச்சு.

வாட்ஸ்அப் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனா முதல் ஃபாலோ-அப்புக்கு சரி வராது. ராத்திரி குடும்பத்தோட இருக்கும்போது ரெண்டு டிக்கும் நீலமாகி, பதில் போடாம விட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம். அத ரெண்டாவது ரவுண்டுக்கு வச்சுக்கிட்டோம்.

நிஜப் போட்டி அதே த்ரெட்டுக்கும் புது மெயிலுக்கும்தான். பொதுவா நான் அதே த்ரெட் ஆளு. சென்ட் பாக்ஸ்ல உங்க பழைய மெயிலைத் திறந்து ரிப்ளை அடிச்சா ஜிமெயில்ல அவருக்கே போகும், பழைய விஷயமும் கீழயே இருக்கும், அவர் தேட வேண்டாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், ரிப்ளை அடிச்சுட்டு சப்ஜெக்ட்ட மாத்துனா ஜிமெயில் அத தனி கான்வர்சேஷனா பிரிச்சுடும், த்ரெட்ல போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். ஆனா இவ கேஸ்ல பழைய சப்ஜெக்ட்டும் வீக், உள்ள இருந்த மெயிலும் வீக், அத கீழ தொங்கவிட்டு என்ன பிரயோஜனம், அதனால இந்த ஒரு தடவ புது மெயில்னு முடிவு பண்ணோம். மேல காட்டுன மெயில்தான், "சம்மதம் சொன்ன பிறகுதான் லிங்க்"ங்கறத மட்டும் "மிச்ச ரெண்டு லிங்க்"னு மாத்தி, நடுவுல இத சேத்தோம்:

> 3ஆம் தேதி அனுப்பின மெயிலில் தேதியும் விவரமும் சொல்லாம விட்டுட்டேன் சார், அதான் முழுசா எழுதறேன். உங்க சம்மதம் கேக்காமலே ரெண்டு போர்ட்டலில் உங்க ஐடி கொடுத்துட்டேன், தப்புதான், மன்னிச்சுக்கோங்க. முடியாதுன்னா அத நானே மாத்திடறேன்.

இவ முதல்ல எழுதி வச்சிருந்தது "ஜென்டில் ரிமைண்டர் சார், முன்னமே அனுப்பிய மெயிலுக்கு இதுவரை பதில் வரவில்லை"ன்னு. ஜென்டில்னு பேரு வச்சாலும் அதுல இருக்கறது "நீ பதில் போடல"ங்கற குத்தம்தான். புதுசுல பாருங்க, பதில் வராததுக்குக் காரணம் என் பக்கம்னு சொல்லியாச்சு, அவரு வெட்கப்படாம திரும்ப பேச்ச ஆரம்பிக்க ஒரு வழி கிடைச்சுது. அதுக்காக தப்பே பண்ணாதப்பவும் மன்னிப்பு கேக்காதீங்க, இங்க நிஜமாவே பண்ணியிருந்தா.

12ஆம் தேதி புதன்கிழமை காலைல போச்சு. வெள்ளி வரைக்கும் ஒண்ணும் இல்ல. இவளுக்கு இருப்புக்கொள்ளல, தினமும் ஒரு மெயில் போடவான்னு கேக்கறா. ஒரு மெயிலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது அஞ்சு வேலை நாளாச்சும் விடணும், அதுவும் நவம்பர்ல ப்ராக்டிகல், இன்டர்னல் மார்க்குன்னு அவங்க ஓடிக்கிட்டு இருப்பாங்க. 20ஆம் தேதி வரைக்கும் பாத்துட்டு ஒரே ஒரு வாட்ஸ்அப், "சார், லெட்டர் விஷயமா 12ஆம் தேதி ஒரு மெயில் அனுப்பியிருக்கேன், ஸ்பேம்ல போயிருக்கலாம், முடிஞ்சப்ப பாருங்க" அவ்வளவுதான், லெட்டர் கதையை அங்க திரும்ப சொல்லக்கூடாது. 24ஆம் தேதி வரைக்கும் சத்தம் இல்லன்னா அத "முடியாது"ன்னே எடுத்துக்கிட்டு லேப் மேடம்கிட்ட கேக்கறதுன்னு முடிவு, மேடத்துக்கு மூணு வாரமாவது கைல இருக்கணுமே.

20ஆம் தேதி சாயந்திரம் வாட்ஸ்அப் போச்சு. அரை மணி நேரத்துல மெயில்லயே பதில் வந்துச்சு: "பார்த்தேன்மா. பழைய லிங்க் ரெண்டும் ஸ்பேம்ல இருக்கு. காலேஜ் ஐடி சரியா வேலை செய்யல, இந்த ஐடிக்கு மாத்து." கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல. இவ உடனே நன்றி சொல்லி மூணு பாரா எழுத உக்காந்துட்டா, புடுங்கிப் போட்டு ரெண்டு வரில முடிக்கச் சொன்னேன்: ஐடி மாத்தியாச்சு, நாலு லிங்க்கும் இன்னைக்கே வரும், எந்தெந்த யூனிவர்சிட்டின்னு பேரு.

டிசம்பர் 8க்குள்ள வேணும்னு கேட்ட லெட்டர் டிசம்பர் 13ஆம் தேதி ராத்திரி ஏறுச்சு.