ஸ்டோர் படம் செய்யக் கொடுத்து 480 வெள்ளி இழந்த கதை

பெயர் போடப் போவதில்லை. ஆனால் கோலாலம்பூரில் சின்னதாக ஆப் செய்து வெளியிடும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

செந்தூலில் என் மச்சான் பள்ளி வேன் ஓட்டுகிறார். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் பார்க்க ஒரு சின்ன ஆப் எழுதினேன். ஆறு திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ப்ளே ஸ்டோரில் போடப் போனால் ஏற்கவில்லை. என் கைப்பேசித் திரை 1080க்கு 2400. நீளப் பக்கம் குட்டைப் பக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது அங்கே விதி. எப்படியும் ஒரு பின்னணி நிறத்தின் மேல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதைச் செய்வதென்றால் மூலையை வளைத்து, மெல்லிய நிழல் போட்டு அழகாகவே செய்துவிடலாமே என்று நினைத்தேன். அந்த ஆசைதான் வினை.

தெரிந்தவர் மூலம் ஒரு தம்பி கிடைத்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் தேத்தாரிக் குடித்தபடி பேசினோம். ஆறு படம், 480 வெள்ளி, "சோர்ஸ் ஃபைலும் தந்துடுவேன் அண்ணே, பிறகு நீங்களே மாத்திக்கலாம்" என்றார். அதை எழுதி வாங்கவில்லை. என் தப்பு.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. க்ரீம் நிறப் பின்னணி, வளைந்த மூலைகள், கீழே இதமான நிழல். கைப்பேசியில் பார்த்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. உடனே பணம் அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு கணினியில் ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்த என் மனைவிதான் முதலில் கேட்டாள்: "ரெண்டு படம் மட்டும் ஏன் சோப்புக்கட்டி மாதிரி இருக்கு?" உண்மைதான். மூன்றாவதும் ஐந்தாவதும் மற்றவற்றைவிட நன்றாக வளைந்திருந்தன. நிழலும் அவற்றில் மட்டும் பரந்து கிடந்தது.

காரணம் பிடிபட ஒரு நாள் ஆனது. நான்கு படம் என் கைப்பேசியில் எடுத்தவை, அகலம் 1080. மற்ற இரண்டும் என் தங்கையின் பழைய கைப்பேசியில் எடுத்தவை, அகலம் 720. தம்பி எல்லாவற்றுக்கும் 48 பிக்சல் வளைவு கொடுத்திருக்கிறார். அதில் குற்றமில்லை. ஆனால் வளைவைப் போட்ட பிறகுதான் எல்லாவற்றையும் 700 அகலத்துக்கு மாற்றியிருக்கிறார். 1080 படத்தைச் சுருக்கினால் 48 என்பது ஏறத்தாழ 31 ஆகிவிடும். 720 படம் கொஞ்சம்தான் சுருங்குகிறது, அதில் 47. நிழலையும் அளவை மாற்றுவதற்கு முன்பே போட்டிருந்ததால் அதற்கும் இதே கதி. முதலில் எல்லாப் படங்களையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு வளைவும் நிழலும் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வேலை ஒன்றுதான், வரிசைதான் மாறிப்போனது.

சரி, இது கவனக்குறைவு, மன்னித்துவிடலாம். அடுத்ததை மன்னிக்க முடியவில்லை.

மச்சானின் வேன் கரும்பச்சை. பின்னணியையும் அந்த நிறத்துக்கு மாற்றச் சொன்னேன். சோர்ஸ் ஃபைல் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. பின்னணி தனி அடுக்கு, அதன் நிறத்தை மாற்றினால் மேலே இருக்கும் நிழல் தானாகவே பச்சையில் விழும். ஆனால் இரண்டு நாள் கழித்து வந்த படங்களில் ஒவ்வொரு திரையைச் சுற்றியும் அழுக்குக் க்ரீம் நிறத்தில் ஒரு புகைவட்டம். நான்கு மூலையிலும் ஊசி முனை போல வெள்ளை முக்கோணங்கள்.

இந்த இரண்டு அடையாளங்களையும் நினைவில் வையுங்கள், நடந்ததை அவையே சொல்லிவிடும். மூலையை வளைத்தால் வெட்டப்பட்ட இடம் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். ஜேபெக்கில் அப்படி ஓர் இடமே கிடையாது, பெரும்பாலும் வெள்ளையால் நிரப்பிவிடும். வளைத்த படத்தை ஜேபெக்காகச் சேமித்து, அதைப் பின்னணி மேல் ஒட்டியிருக்கிறார். க்ரீமின் மேல் அந்த வெள்ளைத் துணுக்குகள் கண்ணில் படவில்லை, பச்சை காட்டிக்கொடுத்துவிட்டது. புகைவட்டம் வந்தது பெயின்ட் வாளியால். தட்டையான படத்தில் வாளியைக் கவிழ்த்தால் ஒத்த நிறமுள்ள இடம் மட்டும் மாறும். நிழலோ க்ரீமும் கறுப்பும் கலந்து படிப்படியாக மாறும் நிறம், வாளி அங்கே வந்து நின்றுவிடும். ஆக, சோர்ஸ் ஃபைல் என்று ஒன்று அவரிடமே இல்லை.

போன் செய்தேன். "புதுசா செய்யணும்னா இன்னும் 200 ஆகும் அண்ணே" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வேறு போன் வருகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. அவர் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பாமல் போட்டோவாக அனுப்பியிருந்தார். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். 1920 உயரம் இருக்க வேண்டியது 1600 ஆகியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மேலே மணி காட்டும் எண்களைச் சுற்றிப் பூஞ்சை பிடித்தது போல் மங்கல். (பேட்டரி 9 சதவீதம் என்று காட்டுவதையும் அப்போதுதான் கவனித்தேன். அது என் தவறு, அவருடையதல்ல.)

கடைசியில் நானே ஃபிக்மாவில் உட்கார்ந்து செய்தேன், ஒரு மாலைதான் ஆனது. 1080க்கு 1920 அளவில் ஒரு ஃபிரேம், அதற்குப் பின்னணி நிறம். அதன் மேல் 700க்கு 1556 அளவில் ஒரு செவ்வகம். ஸ்கிரீன்ஷாட்டைத் தனிப் படமாக ஒட்டாமல் அந்தச் செவ்வகத்தின் Fill ஆகக் கொடுத்தேன். Corner radius 48. Drop shadow கீழ்நோக்கி 16, blur 48, கறுப்பு 18 சதவீதம். பிறகு ஃபிரேமை ஐந்து முறை நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் Fill படத்தை மட்டும் மாற்றினேன். படம் 1080 ஆனாலும் 720 ஆனாலும் வளைவு செவ்வகத்துக்குச் சொந்தம், அதனால் மாறாது. இரண்டு கைப்பேசித் திரைகளும் ஒரே விகிதம் என்பதால் எதுவும் வெட்டுப்படவில்லை. பக்கத்துக்கு 190 பிக்சல் இடம் இருந்ததால் நிழலும் ஓரத்தில் அறுபடவில்லை.

வெளி ஃபிரேமின் மூலைகளைச் சதுரமாகவே விட்டேன். அதையும் வளைத்து பிஎன்ஜியாக எடுத்தால் மூலையில் ஒளி ஊடுருவும் இடம் வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்கக்கூடாது என்று ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டுமே சொல்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு, தட்டையான இறுதிப் படத்தை ஜேபெக்காக எடுப்பதில் தவறில்லை. அந்தத் தம்பி செய்தது போல நடுவழியில் எடுப்பதுதான் கூடாது.

நீங்கள் வேறு யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே பின்னணியைக் கறுப்பாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபைல் உண்மையாக இருந்தால் பத்து வினாடியில் காட்டிவிடுவார். நாளைக்குத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தம்பி இன்னும் வேலை பிடிக்கிறார். தன் விளம்பரத்தில் மாதிரிக்கு என் வேன் ஆப் படங்களைத்தான் போட்டிருக்கிறார், க்ரீம் நிறத்தில். யாராவது பார்த்தால் மூன்றாவதையும் ஐந்தாவதையும் கவனியுங்கள், இன்னும் சோப்புக்கட்டியாகத்தான் இருக்கின்றன.