'ஆர். ஜோதி'க்கு ஒரு கடிதம்: திருவா, திருவாட்டியா, வெறும் பெயரா?

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. எங்கள் சிறிய அமைப்பும் அந்த மாதத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தும். அழைப்புக் கடிதம் அனுப்புவது என் வேலை. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பட்டியலில் 'ஆர். ஜோதி' என்று ஒரு பெயர் இருந்தது (பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன்). எனக்குத் தெரிந்த ஜோதி ஓர் ஆண். அதனால் 'திரு ஆர். ஜோதி' என்று அடித்து அனுப்பிவிட்டேன். நிகழ்ச்சியன்று வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேசையில் இருந்த பெயர் அட்டையைக் கையில் எடுத்தார். கைப்பையிலிருந்த நீலப் பேனாவால் 'திரு'வை ஒட்டி 'வாட்டி' என்று நெருக்கி எழுதி, அட்டையை மறுபடி நிறுத்தி வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து விளிப்பு விஷயத்தில் என்னென்ன வழிகள் உண்டு, எது எங்கே சறுக்கும் என்று கவனித்து வருகிறேன்.

முதல் வழி, ஊகிப்பது. 'அன்' என்று முடிந்தால் ஆண், 'இ' என்று முடிந்தால் பெண் என்று ஒரு கணக்கு பலர் மனதில் இருக்கிறது. மூர்த்தியும் கந்தசாமியும் அதே 'இ'யில்தான் முடிகிறார்கள். பாரதி, சக்தி, மணி, ஜோதி எல்லாம் இரு பாலருக்கும் வைக்கும் பெயர்கள். செல்வம் என்றால் பெரும்பாலும் ஆண், மரகதம் என்றால் பெண், முடிவு ஒன்றேதான். தமிழ் தெரியாத சக ஊழியருக்கு இன்னும் சிரமம். 'ஆ' ஒலியில் முடிவதால் சிவாவையும் ராஜாவையும் பெண் என்று எடுத்துக்கொள்வார். (நாமும் சளைத்தவர்கள் இல்லை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதை மறந்து, கடைசி அசையைப் பிடித்துக்கொண்டு 'திரு' போடுகிறோம்.)

நம்பத்தக்க குறிப்பு ஒன்று உண்டு. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் கிடைத்தால் நடுவில் 'எஸ்/ஓ' அல்லது 'டி/ஓ' இருக்கலாம், அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். மலேசியாவிலிருந்து வந்தவர் பெயரில் அது மலாயில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். 'ஏ/பி' என்றால் மகள். இவற்றைப் பார்த்தால் ஊகமே தேவையில்லை. ஆனால் அழைப்புப் பட்டியலில் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை, வெறும் தலைப்பெழுத்துதான் வரும்.

அடுத்தது 'டியர் சார்/மேடம்'. பாலினத்தில் தவறு நேராது. ஆனால் உறையில் பெயரை எழுதிவிட்டு உள்ளே இப்படித் தொடங்கினால், பெயர் தெரிந்தும் சொல்ல மனமில்லாதது போல் இருக்கும். தண்ணீர்க் கட்டண நினைவூட்டலுக்கு அது போதும், விருந்தினருக்கு ஆகாது. பதவி தெரிந்தால் 'தலைவர் அவர்களுக்கு', 'தலைமையாசிரியர் அவர்களுக்கு' என்பது இதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது, 'திரு' போன்ற பட்டம் இல்லாமல் முழுப்பெயரை அப்படியே எழுதுவது: 'டியர் ஆர். ஜோதி'. ஆங்கிலத்தில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், வயதில் மூத்தவர் சிலருக்கு மரியாதைக் குறைவாகவும் படலாம். இருந்தாலும் தவறான பட்டம் போடுவதற்கு இது மேல் என்பது என் முடிவு. ஒரே நிபந்தனை, பெயரை உடைக்கக்கூடாது.

கணினிப் பட்டியலிலிருந்து மொத்தமாகக் கடிதம் தயாரிக்கும்போது பெயர் உடைவது இங்கேதான். எக்செல்லில் முதல் சொல்லை மட்டும் எடுக்கும் சூத்திரம் இது:

```
=LEFT(A2,FIND(" ",A2)-1)
```

ஜோதிக்கு இது தருவது 'ஆர்.' என்ற ஓர் எழுத்து. அது அவருடைய அப்பாவின் பெயரெழுத்து. சரி, கடைசிச் சொல்லை எடுக்கலாமே என்றால் அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. நம் அதிபர் தர்மன் சண்முகரத்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சண்முகரத்னம் அவருடைய தந்தையின் பெயர், எல்லாரும் அவரை 'திரு தர்மன்' என்றுதான் சொல்கிறோம். அமைச்சர் கா. சண்முகத்துக்கோ தலைப்பெழுத்து முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். முதல் சொல் ஒருவருக்குச் சரி, கடைசிச் சொல் மற்றவருக்குச் சரி. முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் முழுப்பெயர் செல்லப்பன் ராமநாதன். அதிலிருந்து எந்தச் சூத்திரத்தாலும் 'நாதன்' என்ற விளிப்பை எடுக்க முடியாது, அவரே எழுதிக்கொண்ட விதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் இப்போது பட்டியலில் இன்னொரு பத்தி வைத்திருக்கிறேன். பதிவுப் படிவத்தில் 'உங்களை எப்படி விளிக்க வேண்டும்?' என்று ஒரு வரி. பதில் வந்தால் அது பி பத்தியில் ஏறும், வராவிட்டால் ஏ பத்தியில் உள்ள முழுப்பெயர் அப்படியே போகும்:

```
="Dear "&IF(B2="",A2,B2)
```

படிவத்தில் 'ஆண்/பெண்' என்று கேட்பதைவிட இப்படிக் கேட்பது பயனுள்ளது. பாலினம் தெரிந்தாலும் அவர் 'டாக்டர்' என்பதோ, ஜோதியா ராமசாமியா என்பதோ தெரியாது. விளிப்பைக் கேட்டால் மூன்றும் ஒரே பதிலில் வந்துவிடும்.

தமிழ்க் கடிதத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். உறையில் 'ஆர். ஜோதி அவர்களுக்கு', உள்ளே 'அன்புடையீர்'. இரண்டிலும் பாலினம் இல்லை, மரியாதை முழுசாக இருக்கிறது. கடிதத்துக்குள் 'நீங்கள்', அறிமுக உரையில் 'அவர் பேசுவார்'. மேடையில் அறிவிப்பவருக்கும் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் முழுப்பெயரை மட்டும் எழுதும்போது குறையும் அந்த மரியாதையை இங்கே 'அவர்களுக்கு' நிரப்பிவிடுகிறது. பட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால், 'திருமதி', 'செல்வி' என்று திருமணத்தைத் துருவுவதைவிட இங்கே பழக்கத்தில் உள்ள 'திருவாட்டி' நல்ல சொல். ஆனால் பெண் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான்.

தமிழில் ஒரே ஒரு கண்ணி, தலைப்பெழுத்து. ஆங்கிலத்தில் 'எஸ்.' என்று இருப்பதைத் தமிழாக்குகிறேன் என்று 'ச.' போட்டால், அப்பா சுப்பிரமணியமாகவோ செல்லப்பனாகவோ இருக்கலாம். சொல்லித் தராதவரை 'எஸ்.' என்றே விடுவேன்.

படிவம் இல்லாமல் பெயர் மட்டும் வந்தால், பத்துப் பேருக்குள் என்றால் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். மறு ஆண்டு அந்த ஆசிரியையையும் அப்படி அழைத்தேன். "ஆங்கிலத்துல மிஸ் ஜோதி போதும் தம்பி. தமிழ்ல 'அவர்கள்' போடுங்க, பட்டம் வேணாம்" என்றார். பி பத்தியில் அவர் சொன்னபடியே இருக்கிறது.