புது மீட்டர் 99993 காட்டுகிறதா? மீட்டரை மாற்றும் முன் அம்புக்குறியைப் பாருங்கள்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் மூன்று போர்ஷன். மோட்டார் கரண்ட் செலவையும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் காசையும் அவரவர் பிடிக்கும் தண்ணீருக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம் என்று, மேல் டேங்கிலிருந்து இறங்கும் மூன்று லைனிலும் அரை இன்ச் (15 மி.மீ.) சிங்கிள் ஜெட் மீட்டர் போடச் சொன்னோம். பொருத்திய பிளம்பர் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாதக் கடைசியில் ரீடிங் எடுத்தபோது மாடிப் போர்ஷன் மீட்டர் 99993 என்று காட்டியது.

போனில் கேட்டதற்கு, "மீட்டர் கம்ப்ளெய்ன்ட் சார், கடையில குடுத்து மாத்திடுங்க" என்றார். கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததுமே காரணம் சொல்லிவிட்டார். மீட்டரின் பித்தளை உடம்பில் ஓர் அம்புக்குறி வார்த்திருக்கும். தண்ணீர் போகும் திசையை அது காட்ட வேண்டும். எங்கள் மீட்டரில் அது டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எதிர்ப்பக்கமாக நுழைந்ததால் உள்ளே இருக்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி, 00000-லிருந்து 99999, 99998 என்று எண் இறங்கியிருக்கிறது. அப்படியானால் 7 கிலோலிட்டர் செலவு என்று கழித்துக் கணக்குப் போடலாமே என்று தோன்றும். அது சரியில்லை. மீட்டரை அளவு சரிபார்ப்பது அம்புத் திசையில்தான். தலைகீழாக ஓடியதை நம்ப முடியாது. அந்த மாதக் கணக்கு போனது போனதுதான்.

திருப்பி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தோம். அங்கேதான் அடுத்த வேலை தெரிந்தது. மீட்டரோடு இரண்டு பக்கத்துக்கும் யூனியன் நட், நிப்பிள், வாஷர் வரும். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எல்போவையே நேராக மீட்டர் மரையில் முறுக்கியிருந்தார். பைப்பை அறுக்காமல் கழற்ற வழியில்லை. வால்வும் ஒன்றே ஒன்று, அதுவும் மீட்டருக்குப் பின்னால். டேங்க் பக்கம் அடைக்க ஒன்றுமில்லாததால் 1,000 லிட்டர் டேங்கை முழுக்க வடித்த பிறகுதான் கைவைக்க முடிந்தது. லாரிக்குக் காசு கொடுத்து ஏற்றிய தண்ணீர் அது. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நடுப் போர்ஷனில் அம்பு சரியாக இருந்தது. ஆனால் அந்த அக்கா, "நாங்க இவ்ளோ பிடிக்கறதே இல்லைண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மற்ற குழாய்களை மூடிவிட்டு, 20 லிட்டர் வாட்டர் கேனை ஐந்து முறை நிரப்பிப் பார்த்தோம். 100 லிட்டருக்கு மீட்டர் 107 ஏறியது. இந்த வகை மீட்டரில் சாதாரண ஓட்டத்தில் 2 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், 7 இருக்கக் கூடாது. மீட்டருக்கு ஒட்டினாற்போல் எல்போ, அதற்கு முன்னால் பாதி மூடிய வால்வு. வளைவிலும் பாதி வால்விலும் முறுக்கிக்கொண்டு வரும் தண்ணீர் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் வேகமாக அடித்து, கூடுதலாகச் சுற்ற வைத்திருக்கிறது. அந்த மாதம் அவர்களுக்கு 14 கிலோலிட்டர் காட்டியதில் ஏறத்தாழ 1 கிலோலிட்டர் அவர்கள் பிடிக்காத தண்ணீர். நியாயமாகக் கேட்டவரை நாங்கள் சந்தேகப்படும்படி ஆக்கியது இந்த வேலைதான்.

வேறு பிளம்பரை வைத்துத் திருத்தினோம். பொதுவாகச் சொல்லும் அளவு, மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர் பைப். 15 மி.மீ.க்கு முன்னால் 15 செ.மீ., பின்னால் 7.5 செ.மீ. அவ்வளவுதான், அரை அடிக்கும் ஒரு சாணுக்கும் இடையில் அடங்கிவிடும் சமாச்சாரம். (டயலில் U0 D0 என்று போட்டிருந்தால் அந்த மீட்டருக்கு நேர் பைப் தேவையில்லை என்று அர்த்தம். எங்களுடையதில் அது இல்லை.) மீட்டரைப் படுக்கையாக, டயல் மேலே பார்க்க வைத்தார். நேர் பைப்புக்கு அப்பால் இரண்டு பக்கமும் பால் வால்வு. முன் வால்வு எப்போதும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வேகத்தைக் குறைப்பதென்றால் பின் வால்வில்தான் என்றார். மாட்டுவதற்கு முன் லைனில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பைப் துருவலையும் டெஃப்லான் டேப் துணுக்குகளையும் வெளியேற்றினார். அதே கேன் சோதனையில் இப்போது 101.

பின் வால்வால் இன்னொரு உபயோகம் உண்டு. வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்ன முள் சுற்றினால் பின் வால்வை மூடுங்கள். முள் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது. கீழ்ப் போர்ஷனில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகியதை இப்படித்தான் பிடித்தோம்.

முதல் பிளம்பர் இப்போது போனே எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் மீட்டர் போடுகிறீர்கள் என்றால், அம்பு, நேர் பைப், இரண்டு வால்வு, யூனியன் நட் நான்கையும் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். கேன் சோதனையை அவர் எதிரிலேயே செய்து, அளவு சரியாக வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.